கறுப்பு வெள்ளை அச்சில் சார்ட் பிழைக்குமா: எக்செலில் இருந்து ஜெராக்ஸ் வரை ஒரு சோதனை

கேள்வி: மேலூர் பக்கம் ஐந்து கண்மாய்களின் ஆயக்கட்டில் எந்தப் பயிர் எவ்வளவு என்று எக்செலில் அடுக்குப் பட்டை சார்ட் போட்டிருக்கிறேன். நெல், கரும்பு, நிலக்கடலை, வாழை, தென்னை, தரிசு என்று ஆறு நிறம். வைகை அணை நீர்மட்டத்துக்கு மூன்று வருடக் கோட்டுச் சார்ட் ஒன்றும் உண்டு. ஆய்வேட்டின் எல்லாப் படிகளும் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்க வேண்டும். தாளில் புரியுமா என்று முன்கூட்டியே எப்படிச் சோதிப்பது? ஆறுக்கும் ஆறு சாம்பல் கொடுத்தால் போதுமா?

பதில்:

ஆறு சாம்பல் வேலைக்கு ஆகாது. ஏன் என்பதை உங்கள் சார்ட்டை வைத்தே பார்த்துவிடலாம்.

நீங்கள் நிறத்தை மாற்றாமல் எக்செல் கொடுத்ததையே வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 2016 முதல் 2022 வரையான ஆபீஸ் தீமில் முதல் ஆறு நிறங்கள் வரிசையாக நீலம், ஆரஞ்சு, சாம்பல், மஞ்சள், வெளிர்நீலம், பச்சை. கறுப்பு டோனர் மட்டும் உள்ள லேசர் பிரிண்டருக்கு இந்த நிறங்களைப் பற்றிக் கவலை இல்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்ற ஒரே எண்ணாக அதைச் சுருக்கி, அந்த எண்ணுக்கு ஏற்ற சாம்பலை அடிக்கும். அந்த எண்ணை நாமே எக்செலில் கணக்குப் போடலாம். பட்டையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் More Colors, பிறகு Custom என்று போனால் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு 0 முதல் 255 வரை மூன்று எண்கள் தெரியும். அவற்றை B2, C2, D2 கட்டங்களில் போட்டு இந்தச் சூத்திரத்தைக் கொடுங்கள்:

```
=0.299*B2+0.587*C2+0.114*D2
```

வருவது 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. பச்சைக்கு இவ்வளவு பெரிய பங்கும் நீலத்துக்கு இவ்வளவு சிறிய பங்கும் ஏன் என்றால், நம் கண் வெளிச்சத்தை உணர்வதே பெரும்பாலும் பச்சையை வைத்துத்தான். முழு நீலம் கணினித் திரையில் பளிச்சென்று தெரிந்தாலும் இந்தக் கணக்கில் அதன் எண் 29தான். தாளில் கிட்டத்தட்ட கறுப்பாகவே வரும். முழுப் பச்சைக்கு 150.

உங்கள் ஆறு நிறங்களுக்குப் போட்டால், நெல்லின் நீலம் 110, கரும்பின் ஆரஞ்சு 150, நிலக்கடலையின் சாம்பல் 165, வாழையின் மஞ்சள் 189, தென்னையின் வெளிர்நீலம் 142, தரிசின் பச்சை 143.

கடைசி இரண்டையும் பாருங்கள். 142, 143. திரையில் நீலமும் பச்சையுமாகத் தனித்தனியாக நின்றவை தாளில் ஒரே சாம்பல். அடுக்குப் பட்டையில் அவை ஒன்றின்மேல் ஒன்றாகவே வருகின்றன, நடுவில் எல்லைக்கோடும் கிடையாது. அதனால் தென்னையும் தரிசும் சேர்ந்து ஒரே கட்டியாகத் தெரியும். படிப்பவர் குழம்பினால்கூடப் பரவாயில்லை, ஏதோ சரியில்லை என்று உங்களிடம் கேட்பார். இங்கே குழப்பமே வராது. ஐந்து பயிர் இருப்பதாக நினைத்து, தரிசையும் தென்னையின் கணக்கில் சேர்த்துப் படித்துவிட்டுப் போய்விடுவார். கண்மாய்ப் பாசனத்தைப் பற்றிய ஆய்வில் தரிசு காணாமல் போவதைவிடப் பெரிய இழப்பு வேறு என்ன இருக்கிறது?

இந்த எண்களை அப்படியே வேதவாக்காகவும் எடுக்க வேண்டாம். எல்லா மென்பொருளும் எல்லா பிரிண்டர் டிரைவரும் இதே பங்கை வைப்பதில்லை. பரவலாகப் புழங்கும் இன்னொரு கணக்கில் பங்குகள் 0.2126, 0.7152, 0.0722. அதன்படி ஆரஞ்சு 143 ஆகிறது, வெளிர்நீலம் 146, பச்சை 153. ஒட்டிக்கொள்ளும் ஜோடி மாறுகிறதே தவிர ஒட்டுவது நிற்கவில்லை. அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு நிரப்புகளுக்கு இடையே குறைந்தது 40 வித்தியாசம் வேண்டும். இது யாரும் போட்ட சட்டம் இல்லை, அச்சில் பார்த்துப் பழகிய கணக்கு. உங்கள் ஆறும் 110க்கும் 189க்கும் நடுவில், மொத்தம் 79க்குள் நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன. அந்த இடத்தில் இரண்டு பேர் வசதியாக உட்காரலாம்.

அப்படியானால் 0 முதல் 255 வரை முழுவதையும் பயன்படுத்தி ஆறு சாம்பல் வைத்தால் என்ன? கணக்குப்படி 51க்கு ஒன்று என்று அழகாகப் பிரிகிறது. தாளில்தான் பிரிவதில்லை. லேசர் பிரிண்டரிடம் சாம்பல் என்று ஒரு மை கிடையாது. கறுப்புப் புள்ளிகளைப் பொடியாகவும் பெரிதாகவும் அடித்து, தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குச் சாம்பல் போலக் காட்டுகிறது. டோனர் புள்ளி கொஞ்சம் பரவுவதால் நடுச் சாம்பல்கள் எல்லாம் நினைத்ததைவிடக் கறுத்துவிடும். 25 விழுக்காடு கறுப்பு என்று கொடுத்தால் பல இயந்திரங்களில் 30, 35 போல வரும். மேல்முனையில் 80 விழுக்காட்டைத் தாண்டியவை முழுக் கறுப்போடு கலந்துவிடும். கீழ்முனையில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவை நல்ல டிரம் உள்ள இயந்திரத்தில் மங்கலாகத் தெரியும், தேய்ந்ததில் வெள்ளைத் தாள்தான். இரண்டு முனையும் தின்றது போக மிஞ்சும் இடத்தில், வெள்ளை, கறுப்பு இரண்டையும் சேர்த்தாலும் நம்பி வைக்கக்கூடியவை நான்கு. அதற்குமேல் போனால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே சாம்பல் இரண்டு விதமாகத் தெரிய ஆரம்பிக்கும். கறுப்புக்கு மேலே உட்கார்ந்த நடுச் சாம்பல் வெளிறித் தெரியும், அதே சாம்பல் சார்ட்டுக்குக் கீழே வெள்ளைத் தாளில் உள்ள குறிப்புக் கட்டத்தில் கறுத்துத் தெரியும். படிப்பவர் இரண்டையும் பொருத்திப் பார்த்துத் தோற்றுப்போவார்.

சரி, சோதனைக்கு வருவோம். இதை மூன்று தட்டாகச் செய்யலாம். முதல் இரண்டும் காசு செலவில்லாமல் உங்கள் கணினியிலேயே முடியும்.

முதலாவது, திரையையே சாம்பலாக்குவது. விண்டோஸில் Settings, Accessibility, Color filters என்று போய் Grayscale தேர்ந்தெடுங்கள். அங்கேயே குறுக்குவழியையும் அனுமதித்துவிட்டால் Windows + Ctrl + C அழுத்தும்போதெல்லாம் திரை நிறத்துக்கும் சாம்பலுக்கும் மாறும். சார்ட்டில் நிறம் மாற்றிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி அழுத்திப் பார்க்கலாம் என்பதுதான் இதன் வசதி. ஆனால் இதில் தேறியதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். திரையால் 256 சாம்பலையும் வழுவழுப்பாகக் காட்ட முடியும், பிரிண்டரால் முடியாது. இங்கே தோற்றது தாளிலும் நிச்சயமாகத் தோற்கும். இங்கே தேறியது தாளில் தேறலாம், தேறாமலும் போகலாம்.

இரண்டாவது சோதனைதான் நம் ஊர் நிலவரத்துக்கு முக்கியம். ஆய்வேடு எல்லாப் படியும் பிரிண்டரிலிருந்தே வரும் என்று நினைப்போம். நடைமுறையில் ஒரு படியை அடித்து, மற்றதை ஜெராக்ஸ் போட்டுவிடுவார்கள். பிறகு உங்கள் ஆய்வேட்டிலிருந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் அடுத்த வருடம் ஒரு மாணவர் நகல் எடுப்பார். நகல் இயந்திரத்தில் பெரும்பாலும் Text, Text/Photo, Photo என்று மூன்று நிலை இருக்கும். கடையில் அது பல நேரம் Text நிலையில்தான் நிற்கும், ஏனென்றால் வருகிற தாளில் முக்கால்வாசி எழுத்துதான். அந்த நிலையில் இயந்திரம் எழுத்தைக் கூர்மையாக்குவதற்காகச் சாம்பலை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. வெளிறிய சாம்பல் வெள்ளையாகும், அடர்ந்த சாம்பல் கறுப்பாகும். இதன் கடைசி எல்லையை ஒரே கட்டளையில் கண்முன் பார்த்துவிடலாம். சார்ட்டைப் படமாகச் சேமித்து, இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் இருந்தால் இப்படிக் கொடுங்கள்:

```
magick chart.png -colorspace Gray -threshold 50% bw.png
```

பாதிக்கு மேல் வெளிச்சமான எல்லாம் வெள்ளை, மீதி கறுப்பு. உங்கள் சார்ட்டை இதில் போட்டால் நெல் மட்டும் கறுப்பாக நிற்கும். கரும்பு முதல் தரிசு வரை மற்ற ஐந்தும் எல்லைக்கோடு இல்லாததால் தாளோடு தாளாகப் போய்விடும். நிஜ ஜெராக்ஸ் இவ்வளவு கொடூரமாக இருக்காதுதான். ஆனால் நகலின் நகல் எடுக்க எடுக்க இந்தத் திசையில்தான் போகும்.

கறுப்புக் கோடும் வெள்ளை இடைவெளியுமாக வரைந்த நிரப்பை இதே கட்டளையில் போட்டுப் பாருங்கள், ஒன்றுமே ஆகாது. அதில் சாம்பலே இல்லை, தள்ளுவதற்கு எதுவும் இல்லை. கோடு, புள்ளி, கட்டம் என்று நிரப்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஆறுக்கும் ஆறு விதமான கோடு போட்டால் பழைய சேலை வகைப் புத்தகம் மாதிரி ஆகிவிடும். இடது சாய்வும் வலது சாய்வும் அடுத்தடுத்து வந்தால் கண் நிற்காமல் அலையும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கோடும் கலந்து மறுபடியும் ஒரே சாம்பலாகிவிடும். ஆகவே வெளிச்சத்தை முதல் வேலைக்கும் கோட்டை இரண்டாவது வேலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவை வெளிச்சத்தில் மாறுபட வேண்டும். வெளிச்சம் ஒத்துப்போகிற இரண்டு இருந்தால் அவை தள்ளித் தள்ளி இருக்க வேண்டும், வடிவத்தில் மாறுபட வேண்டும்.

உங்கள் சார்ட்டுக்கு நான் இப்படி வைப்பேன். கீழிருந்து மேலாகச் சொல்கிறேன்.

அடியில் நெல். மேலூர்ப் பக்கம் அதுதான் பெரிய பங்கு, அதனால் அதற்கு வெளிறிய சாம்பல், 25 விழுக்காடு கறுப்பு. பெரிய பரப்பை அடர்த்தியாக வைக்காதீர்கள். டிரம்மில் இருக்கும் கீறலும் பட்டையும் எல்லாம் அதில்தான் தெரியும். அதன்மேல் கரும்பு, முழுக் கறுப்பு. அதன்மேல் நிலக்கடலை, வெள்ளையில் அங்கங்கே கறுப்புப் புள்ளி. எக்செலில் Pattern fill உள்ளே 10% என்று இருப்பது. அடுத்து வாழை, 60 விழுக்காடு கறுப்பு உள்ள அடர் சாம்பல். அடுத்து தென்னை, வெள்ளையில் அகலமான சாய்கோடு. எக்செலில் Wide upward diagonal. உச்சியில் தரிசு, வெறும் வெள்ளை. எதுவும் விளையாத நிலம் சார்ட்டிலும் காலியாகவே இருக்கட்டும், குறிப்பைப் பார்க்காமலே புரியும். ஆறு துண்டுக்கும் 0.75 பாயின்ட் கறுப்பு எல்லைக்கோடு கட்டாயம். அது இல்லாவிட்டால் தரிசின் வெள்ளை தாளில் கரைந்து, பட்டையே குட்டையாகிவிடும்.

இப்போது கீழிருந்து மேலே கண்ணை ஓட்டினால் வெளிர், கறுப்பு, மிக வெளிர், அடர், நடுத்தரக் கோடு, வெள்ளை என்று ஒவ்வொரு எல்லையிலும் வெளிச்சம் குதிக்கிறது. தென்னையின் கோடும் நெல்லின் சாம்பலும் கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. ஆனால் ஒன்று அடியில், ஒன்று உச்சிக்குப் பக்கத்தில், ஒன்று வழுவழுப்பு, ஒன்று கோடு. அதனால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ள வாய்ப்பில்லை.

இதை மறுபடியும் அந்தக் கட்டளையில் போடுங்கள். நெல்லின் சாம்பல் வெள்ளையாகும், வாழையின் சாம்பல் கறுப்பாகும், மற்ற நான்கும் அப்படியே இருக்கும். ஆக வாழையும் கரும்பும் இரண்டும் கறுப்பு, நெல்லும் தரிசும் இரண்டும் வெள்ளை. எல்லைக்கோடு இருப்பதால் ஆறு துண்டு என்பது மட்டும் தெரியும், எது எது என்று அடுக்கு வரிசையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஆய்வேட்டுப் படிகள் நேராக பிரிண்டரிலிருந்து வரப்போகிறது என்றால் இதை விட்டுவிடலாம். ஜெராக்ஸ்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் நெல்லுக்குத் தள்ளித் தள்ளிக் கிடைக்கோடும், வாழைக்குக் குறுக்கு நெடுக்கு நெருக்கமான கட்டமும் மாற்றிவிடுங்கள். அழகு கொஞ்சம் போகும். நான் என்றால் பிரிண்டர் படிக்கே காசு கொடுத்துவிடுவேன்.

கோட்டு நிரப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. எக்செலின் பேட்டர்ன்கள் சின்னச் சதுரக் கட்டங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கியவை. திரையில் நன்றாகத் தெரிந்த சாய்கோடு, வேர்டில் ஒட்டிச் சுருக்கி பிடிஎப் ஆக்கியதும் மயிரிழையாகிவிடுவது உண்டு. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தாளில் ஒன்றரை மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். அதைவிட நெருங்கினால் பிரிண்டரின் புள்ளி வரிசையோடும் பிறகு நகல் இயந்திரத்தின் புள்ளி வரிசையோடும் முட்டி, நீங்கள் போடாத ஒரு கோலம் அலை அலையாகத் தெரிய ஆரம்பிக்கும். கோட்டுக்கு நிறமோ சாம்பலோ கொடுக்க வேண்டாம், சுத்தக் கறுப்பு. பைதானில் மேட்பிளாட்லிப் வைத்து வரைபவர்களுக்கு இது சுலபம்: `hatch='/'` என்றால் தளர்வாக, `hatch='///'` என்றால் நெருக்கமாக வரும்.

அப்புறம் குறிப்புக் கட்டம். எக்செல் அதைச் சார்ட்டுக்கு அடியில் கிடைவரிசையாக வைக்கிறது, உங்கள் அடுக்கோ செங்குத்தாக இருக்கிறது. ஒரு துண்டைப் பார்த்து, கீழே இறங்கி, அதே சாம்பலைத் தேடி, மறுபடியும் ஏற வேண்டும். அதை எடுத்துவிட்டு, கடைசிக் கண்மாயின் பட்டைக்கு வலப்பக்கம் ஒவ்வொரு துண்டுக்கும் நேராக நெல், கரும்பு என்று பெயரையே எழுதிவிடுங்கள். எக்செலில் கடைசிப் பட்டையின் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து Data Label சேர்த்து, அதில் Series Name காட்டச் சொல்லி, கையால் வலப்பக்கம் இழுத்து வைக்க வேண்டும். ஆறு தடவை செய்ய வேண்டியிருக்கும், கொஞ்சம் சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்துவிட்டால் ஜெராக்ஸ் எவ்வளவு மோசமாக வந்தாலும் வரிசையை வைத்து ஒருவரால் படித்துவிட முடியும். துண்டுக்குள்ளே எண் எழுதுவதாக இருந்தால் கோட்டு நிரப்பின்மேல் எழுதாதீர்கள், எழுத்துக்குப் பின்னால் வெள்ளைக் கட்டம் வையுங்கள்.

அணை நீர்மட்டக் கோட்டுச் சார்ட்டுக்கு விதி வேறு. பட்டையில் சாம்பலுக்குக் கொஞ்சம் இடம் உண்டு, கோட்டில் கிடையவே கிடையாது. காரணம் அந்தப் புள்ளிகள்தான். 600 டிபிஐ லேசரில் சாம்பல் புள்ளிகள் அங்குலத்துக்கு 85 வரிசை என்ற அளவில் விழுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிக்கான இடம் சுமார் 0.3 மில்லிமீட்டர். உங்கள் கோடு 1.5 பாயின்ட் என்றால் அதன் தடிமனே சுமார் 0.53 மில்லிமீட்டர். இரண்டு புள்ளிக்குக்கூட இடமில்லாத அகலத்தில் பிரிண்டர் சாம்பலை உருவாக்கப் பார்க்கிறது. விளைவு, விளிம்பில்லாமல் மணி கோத்தது போல் உடைந்த ஒரு கோடு. திரையில் ஆரஞ்சாகத் தெளிவாக இருந்த வருடம் தாளில் கட்டக்கோடு போல் மங்கிவிடும். அதனால் மூன்று வருடமும் சுத்தக் கறுப்பு. கடைசி வருடம் 2.25 பாயின்ட் முழுக்கோடு, அதற்கு முந்தையது 1 பாயின்ட் நீள வெட்டுக்கோடு, முதலாவது 1 பாயின்ட் வட்டப் புள்ளிக்கோடு. தடிமனும் மாறுகிறது, வெட்டும் மாறுகிறது.

தினசரி நீர்மட்டம் என்றால் வருடத்துக்கு 365 புள்ளி. எக்செலில் குறிப்பான் வைத்தால் 365 வட்டமும் ஒட்டிக் கம்பளிப்பூச்சியாகிவிடும். குறிப்பான் வேண்டுமென்றால் மாதம் ஒரு எண் மட்டும் உள்ள தனி நெடுவரிசை போட்டு, அதை எக்ஸ்‌ஒய் சிதறல் சார்ட்டில் கோடு இல்லாமல் குறிப்பானாக மட்டும் மேலே வரையலாம். உங்களுக்கு மூன்றே கோடுதான், அது இல்லாமலே போதும் என்று நினைக்கிறேன். வருடத்தின் பெயரைக் கோட்டின் முனையில் வைக்க வேண்டாம். எந்த மாதத்தில் மூன்று கோடும் நன்றாக விலகி நிற்கின்றனவோ அங்கே வையுங்கள். வைகையின் முழு அளவான 71 அடிக்கு ஒரு மெல்லிய முழுக்கோடு போட்டு அதன்மேலேயே 71 அடி என்று எழுதுங்கள். பின்னணியில் எக்செல் தரும் சாம்பல் கட்டக்கோடுகளை எடுத்துவிடுங்கள் அல்லது இரண்டு மூன்றாகக் குறையுங்கள். மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்று புரளும் பகுதியில் வெட்டுக்கோடும் புள்ளிக்கோடும் கலந்து எது எது என்றே தெரியாமல் போகும். அப்படி மாதக்கணக்கில் புரண்டால் கோட்டு வகையை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரே அளவுகோலில் மூன்று சின்னச் சார்ட்டாகப் பிரித்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துவிடுங்கள்.

மழையளவு வரைபடம் எதுவும் பின்னால் சேர்ப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை. நீலத்தில் தொடங்கி மஞ்சள் வழியாகச் சிவப்பில் முடியும் வானவில் நிறங்களை எடுக்காதீர்கள். அதில் மிகக் குறைந்ததும் மிக அதிகமும் இரண்டும் அடர்த்தி, நடுவில் உள்ளதுதான் வெளிச்சம். கறுப்பு வெள்ளையில் மழையே பெய்யாத இடமும் கொட்டித் தீர்த்த இடமும் இரண்டும் அடர்த்தியாகவே வரும். கலர்பிரூவர் என்ற இலவச இணையக் கருவியில் photocopy safe என்று ஒரு தேர்வு உண்டு. அதை டிக் செய்துவிட்டு வெளிரிலிருந்து அடர்த்திக்கு ஒரே திசையில் போகும் வரிசையை எடுங்கள், மூன்று வகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனை தாளில். முழு ஆய்வேட்டையும் அடிக்க வேண்டாம், இரண்டு சார்ட் பக்கம் மட்டும் போதும். அளவு உண்மையான அளவாக இருக்க வேண்டும். பிரிண்ட் போடும்போது Fit to page இருந்தால் எடுத்துவிட்டு Actual size வையுங்கள். எந்தக் கடையில் கடைசியாக எடுக்கப் போகிறீர்களோ அங்கேயே எடுங்கள். வீட்டு இன்க்ஜெட்டில் பார்த்துத் திருப்திப்பட்டால் அது வேறு கதை, இன்க்ஜெட் சாம்பல் மென்மையாக வரும். கடைக்காரரிடம் டோனர் மிச்சப்படுத்தும் நிலை போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால் முழுக் கறுப்பே சாம்பலாகிவிடும், கரும்பும் வாழையும் நெருங்கிவிடும். பிறகு அந்தத் தாளையே Text நிலையில் ஒரு ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸுக்கு ஒரு ஜெராக்ஸ். மூன்று தாளையும் வரிசையாக மேசையில் வைத்து, கை நீட்டும் தூரத்திலிருந்து பாருங்கள்.

நீங்கள் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தென்னை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத்தான் முன்பே தெரியுமே. சார்ட்டைப் பார்க்காத ஒரு நண்பரிடம் மூன்றாவது தாளைக் கொடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தக் கண்மாயில் தரிசு அதிகம்? மூன்றாவது கண்மாயில் தென்னை பெரியதா, வாழை பெரியதா? பதில் தப்பாக வந்தால் நிரப்பு தோற்றுவிட்டது. பதில் சரியாக வந்தும் அவர் விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனால், வரிசையை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார், நிரப்பை வைத்து அல்ல. அப்போது முதலில் மாற்ற வேண்டியது அவர் விரல் தயங்கிய எல்லையில் உள்ள இரண்டு துண்டுகளைத்தான், மொத்த சார்ட்டையும் அல்ல. கோட்டுச் சார்ட்டுக்கு, ஏதோ ஒரு மாதத்தைக் காட்டி அன்று எந்த வருடம் நீர்மட்டம் அதிகம் என்று கேட்டால் போதும்.

ஐந்து கண்மாயில் வாழையோ தென்னையோ எங்கேயும் ஒரு மெல்லிய கீற்றாகத்தான் வருகிறது என்றால், அதற்குத் தனியாக ஒரு நிரப்பைச் செலவழிக்காதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் உயரத் துண்டில் சாய்கோடு என்பது இரண்டு மூன்று கீறல்தான். இரண்டையும் பிற பயிர்கள் என்று சேர்த்து, எண்களை அடுத்த பக்க அட்டவணையில் கொடுத்துவிட்டு, சார்ட்டை ஐந்து துண்டாக்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சிலர் அட்டவணையும் சார்ட்டும் ஒரே வகைப்பாட்டில்தான் இருக்க வேண்டும் என்பார்கள்.

எல்லாம் தேறிய பிறகு சார்ட்டின்மேல் வலது கிளிக் செய்து Save as Template கொடுங்கள். நிரப்பு, எல்லைக்கோடு எல்லாம் அதில் சேர்ந்துவிடும். அடுத்த அத்தியாயத்தின் சார்ட்டுக்கு அதையே Change Chart Type, Templates வழியாகப் போட்டுக்கொள்ளலாம். பெயர்களை வலப்பக்கம் இழுத்து வைத்த வேலையை மட்டும் ஒவ்வொரு சார்ட்டிலும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.